மூன்று வரி ஆசீர்வாதம், ஆமென் சொல்லும் இடத்தில் தடுமாற்றம்

யூதர்களின் வேதமான தோராவின் எண்ணாகமம் 6-ஆம் அதிகாரம், 24 முதல் 26 வரை மூன்றே வசனங்கள். ஆரோனும் அவன் மகன்களும் இஸ்ரவேலரை இப்படித்தான் ஆசீர்வதிக்க வேண்டும் என்று கடவுள் மோசேயிடம் சொல்லிக் கொடுத்தவை. எபிரேயத்தில் பிர்கத் கோஹனீம் என்பார்கள், அதாவது ஆசாரியர்களின் ஆசீர்வாதம்.

யெவாரெஹெஹா அதோனாய் வெயிஷ்மெரெஹா
யாஎர் அதோனாய் பானாவ் எலெஹா விஹுநெக்கா
யிஸா அதோனாய் பானாவ் எலெஹா வெயாஸெம் லெஹா ஷாலோம்

வரிக்கு வரி 3, 5, 7 சொற்கள். வாசிக்கும்போது இரண்டு இடத்தில் சறுக்கும். ஒன்று, ஏட்டில் நான்கெழுத்துக் கடவுள் பெயர் இருக்கும், அதை எழுத்துக்கூட்டி வாசிக்கக் கூடாது. இன்றைய ஜெப ஆலயத்தில் அங்கே அதோனாய் என்றுதான் சொல்வார்கள். இன்னொன்று, 'உன்னை', 'உன்மேல்', 'உனக்கு' என்று வரும் இடமெல்லாம் தொண்டையை உரசும் 'ஹா' ஒலியில் முடியும், ஆனால் இரண்டாம் வரியின் கடைசிச் சொல் மட்டும் அழுத்தமான 'க்கா'. அந்த எழுத்துக்குள் ஒரு புள்ளி இருக்கும், அதுதான் அடையாளம். பழக்கத்தில் விஹுநெஹா என்று சொல்லிவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

அதைவிட அதிகம் குழப்புவது எங்கே பதில் சொல்வது என்பது. இந்த மூன்று வரியும் கேட்டால் ஆமென் சொல்லிவிட வேண்டியதுதானே என்று நினைப்பார்கள். அது யார் சொல்கிறார் என்பதைப் பொறுத்தது.

இஸ்ரேலில் பெரும்பாலான இடங்களில் கோஹனீம், அதாவது ஆரோனின் வம்சத்தார் என்று வழிவழியாகக் கருதப்படுகிறவர்கள், தினமும் காலை ஜெபத்தில் எழுந்து வந்து ஆசீர்வதிக்கிறார்கள். இஸ்ரேலுக்கு வெளியே இருக்கும் அஷ்கெனாசி சபைகளில், அதாவது மத்திய, கிழக்கு ஐரோப்பிய மரபில் வந்த யூதர்களின் சபைகளில், பொதுவாகப் பண்டிகை நாட்களில் கூடுதலாகச் சொல்லும் முசாஃப் ஜெபத்தில் மட்டும்தான். ஜெருசலேமில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை பார்த்ததை லண்டனில் அடுத்த செவ்வாய்க்கிழமை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். அங்கே ஹஸான், அதாவது ஜெபத்தை நடத்துகிறவர், "எங்கள் தேவனே, எங்கள் முன்னோரின் தேவனே, இந்த மும்மடங்கு ஆசீர்வாதத்தால் எங்களை ஆசீர்வதியும்" என்ற பொருளில் தொடங்கி, அதே மூன்று வரியைத் தானே வாசித்துவிடுவார். இந்த முன்னுரையைக் கேட்டாலே தெரிந்துகொள்ளலாம், இது வேண்டுதல்தான், ஆசாரியர் கொடுக்கும் ஆசீர்வாதம் இல்லை. அப்போது வழக்கமான பதில் ஆமென் அல்ல, வரி முடிவில் "கேன் யெஹி ராட்ஸோன்", அவர் சித்தம் அப்படியே ஆகட்டும்.

சரி, கோஹனீம் எழுந்து வரும் நாளில்? லேவியர் கோஹனீமின் கைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள், கோஹனீம் காலணியைக் கழற்றிவிட்டு தோராச் சுருள் வைக்கும் பேழைக்கு முன்னால் போய், தாலித் என்ற ஜெபச் சால்வையால் தலையையும் கைகளையும் மூடிக்கொண்டு நிற்பார்கள். இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் "கோஹனீம்!" என்று அழைப்பு வரும். ஒருவர் மட்டும் இருந்தால் அழைப்பு கிடையாது, அவரே சபையை நோக்கித் திரும்புவார், அதனால் அழைப்பு வரவில்லையே, ஆசீர்வாதம் இல்லை போல என்று புத்தகத்தை மூடிவிட வேண்டாம். முதலில் தங்களுக்கான ஒரு துதியைச் சொல்வார்கள், இஸ்ரவேலை 'அன்போடு' ஆசீர்வதிக்கக் கட்டளையிட்டவருக்குத் துதி என்று அது முடியும். அதற்கு ஒரு ஆமென். அப்புறம் ஹஸான் ஒவ்வொரு சொல்லாக எடுத்துக் கொடுக்க அவர்கள் திரும்பச் சொல்வார்கள். அதோனாய் என்ற பெயர் காதில் விழும்போதெல்லாம் ஆமென் போடுவது பெரிய தவறு. வரி முடிந்தபிறகுதான், மூன்று வரிக்கு மூன்று.

விரல்களைப் பிரித்து நீட்டியிருக்கும் அந்தக் கைகளை உற்றுப் பார்ப்பதும் வழக்கத்துக்கு விரோதம். (ஸ்டார் ட்ரெக் தொடரில் ஸ்போக் காட்டும் கை இதிலிருந்து வந்ததுதான், அந்த வேடத்தில் நடித்த லியனார்ட் நிமாய் சிறுவயதில் ஜெப ஆலயத்தில் எட்டிப் பார்த்திருக்கிறார்.) கை நீட்டுகிறவரிடமிருந்து வரம் வருகிறது என்று எடுத்துக்கொள்வதும் சரியில்லை. அடுத்த வசனமான 27-லேயே "நான் அவர்களை ஆசீர்வதிப்பேன்" என்று கடவுள் சொல்லிவிடுகிறார், கோஹேன் சொல்வதோடு சரி.

கடைசியாக, இணையத்தில் சுற்றும் ஒரு மிகை. 1979-இல் ஜெருசலேமின் கெத்தெஃப் ஹின்னோமில் தொல்லியலாளர் கேப்ரியேல் பர்காயின் குழு இந்த ஆசீர்வாத வரிகள் பொறித்த இரண்டு சிறு வெள்ளிச் சுருள்களை எடுத்தது, கி.மு. 7-ஆம் நூற்றாண்டின் முடிவு அல்லது 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் என்று கணிக்கிறார்கள். இதை 'உலகின் மிகப் பழைய பைபிள் பிரதி' என்று போடுகிறார்கள். அவை தாயத்துகள். ஒன்றில் இரண்டாம் வரியின் 'முகம் பிரகாசிக்க' என்பதிலிருந்து நேரே மூன்றாம் வரியின் 'சமாதானம்' என்பதற்குத் தாவிவிடுகிறது, நடுப்பகுதி இல்லை. பைபிளில் இருக்கும் சொற்கள் நமக்குக் கிடைத்ததில் மிகப் பழைய எழுத்து என்று சொன்னால் போதும்.