திருமணத்தைச் செல்லாததாக்கக் கோரும் மனு: ஜூனியர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

குடும்ப நீதிமன்ற வழக்குகளைப் புதிதாகக் கையாளத் தொடங்கியிருக்கும் இளைய வழக்கறிஞர்கள் எழுதிக்கொண்டு வரும் மனுக்களைப் படிக்கும்போது, பல ஆண்டுகளுக்கு முன் நானே எழுதிய மனுக்களைப் படிப்பது போலவே இருக்கிறது. பிரிவு எண்ணைத் தவறாக எழுதுவது, திருமணப் பத்திரிகையை இணைக்க மறப்பது போன்றவற்றைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. அவற்றை அலுவலகத்தில் மனுவைச் சரிபார்க்கும்போதே பிடித்துவிடுவார்கள். யாரும் பிடிக்காமல் போய், கட்சிக்காரரின் உரிமையையே அழித்துவிடும் பிழைகளைத்தான் சொல்ல வேண்டும். நான் சொல்பவை 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தைச் சார்ந்தவை. பிற திருமணச் சட்டங்களில் காரணங்களும் கால வரம்புகளும் வேறுபடும்.

மூன்றையும் விவாகரத்து என்று அழைப்பது

சட்டம் மூன்று வழிகளை வைத்திருக்கிறது. பிரிவு 11இன் கீழ் வருவது செல்லாத திருமணம். தரப்பினரில் ஒருவருக்கு ஏற்கெனவே உயிரோடு கணவனோ மனைவியோ இருந்தால், அல்லது தடை செய்யப்பட்ட உறவுமுறைக்குள்ளோ சபிண்ட உறவுக்குள்ளோ அதை அனுமதிக்கும் வழக்காறு இல்லாமல் மணந்திருந்தால், சட்டத்தின் கண்ணில் அங்கே திருமணம் என்ற ஒன்று நிகழவே இல்லை. நீதிமன்றம் அந்த இன்மையை அறிவிக்கிறதே தவிர, எதையும் கலைப்பதில்லை. பிரிவு 12இன் கீழ் வருவது செல்லாததாக்கத்தக்க திருமணம். தாம்பத்தியத்திற்கான இயலாமை, மணத்திற்குத் தகுதியற்ற மனநிலை, வற்புறுத்தியோ ஏமாற்றியோ பெற்ற சம்மதம், மணநாளில் மனைவி வேறொருவரால் கருவுற்றிருந்தது ஆகியவை அதற்குரிய காரணங்கள். பாதிக்கப்பட்டவர் மனு போட்டு ஆணை பெறும்வரை அது முழுமையான திருமணம். அவர் போடாமலே இறந்துபோனால் மற்றவர் சட்டப்படி அவருடைய கணவரோ மனைவியோ ஆகவே எஞ்சுகிறார். பிரிவு 13இன் மணமுறிவு, எந்தக் குறையும் இல்லாமல் தொடங்கிய திருமணத்தைப் பின்னால் நடந்த ஒன்றின் காரணமாக ஆணையின் நாளிலிருந்து முடித்து வைப்பது.

ஆகவே கட்சிக்காரர் என்ன சொல்லிக்கொண்டு வந்தாலும், முதலில் கேட்க வேண்டியது ஒன்றே: குறை தாலி கட்டிய நாளிலேயே இருந்ததா, பின்னால் வந்ததா? விடை தெரியாமல் பிரிவு எண்ணை எழுதத் தொடங்கக் கூடாது.

"ஒரு வருடம் முடியட்டும், பிறகு பார்க்கலாம்"

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. அதற்குக் காரணம், நான் ஜூனியராக இருந்தபோது அதையே ஒரு பெண்ணிடம் சொல்லியிருக்கிறேன். மணமாகி ஓராண்டு ஆவதற்கு முன் மணமுறிவு மனு தாக்கல் செய்ய முடியாது என்பது பிரிவு 14. அளவுகடந்த துன்பம் போன்ற காரணங்களுக்காக நீதிமன்றத்தின் தனி அனுமதி பெற்றால் மட்டுமே அதற்கு விலக்கு உண்டு. அந்த விதி எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் அது மணமுறிவுக்கு மட்டுமே உரியது என்பதும், ஏமாற்றிச் சம்மதம் பெற்ற திருமணத்தில் கடிகாரம் நேர் எதிர்த்திசையில் ஓடுகிறது என்பதும் நினைவில் நிற்பதில்லை. பிரிவு 12(2) சொல்வது இதுதான்: மோசடி தெரியவந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு வந்திருக்க வேண்டும், வற்புறுத்தல் என்றால் அது ஓய்ந்த நாளிலிருந்து ஓராண்டு. ஒரு பிரிவு ஓராண்டு காத்திருக்கச் சொல்கிறது, மற்றொன்று ஓராண்டுக்குள் வரச் சொல்கிறது. இரண்டிலும் "ஒரு வருடம்" என்ற சொல் இருப்பதுதான் எல்லாக் குழப்பத்திற்கும் வேர்.

அந்தப் பெண்ணின் வழக்கை, அடையாளம் தெரியாத அளவுக்கு மாற்றிச் சொல்கிறேன். திருமணம் ஜனவரி இறுதியில் நடந்தது. ஏப்ரல் பத்தாம் தேதி, அலமாரியில் வேறு ஏதோ தாளைத் தேடும்போது, கணவர் முன்பே ஒருவரை மணந்து மணமுறிவு பெற்றிருந்த ஆணையின் நகல் அவர் கையில் கிடைத்தது. பெண் பார்க்க வந்தபோது அவருக்கு இது முதல் திருமணம் என்றே சொல்லியிருந்தார்கள். முந்தைய திருமணம் முறையாக முடிந்துவிட்டிருந்ததால் இது பிரிவு 11க்குள் வராது. எதிர்மனுதாரரைப் பற்றிய முக்கியமான உண்மையை மறைத்துச் சம்மதம் பெற்றது என்ற வகையில் பிரிவு 12(1)(இ)க்குள் வரும். அன்றே அந்தப் பெண் பெற்றோர் வீட்டுக்குப் போய்விட்டார். ஏப்ரல் மாதமே நாங்கள் இருந்த அலுவலகத்துக்கும் வந்தார். வருகிற ஜனவரி வரை பொறுத்திருக்கும்படி சொல்லி அனுப்பினேன்.

அவரும் பொறுத்திருந்தார். செப்டம்பரில் உறவினர்கள் கூடிப் பேசி, ஒருமுறை போய் வாழ்ந்து பார்க்கட்டும் என்று முடிவு செய்து அவரைக் கணவரின் வீட்டில் விட்டார்கள். மூன்று வாரத்தில் திரும்பி வந்துவிட்டார். ஜனவரி முடிந்ததும் சமரசப் பேச்சு இன்னும் சில மாதங்களைத் தின்றது. ஜூனில் சீனியரின் மேசைக்குக் கோப்பு வந்தபோது, தேதிகளை ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது, "ஏப்ரல் பத்தோடு இது முடிந்துவிட்டது, தம்பி" என்பது மட்டுமே. நான் அந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

கால வரம்பு மட்டும் அல்ல, அந்த மூன்று வாரமும் தனியாகவே வழக்கைக் கொல்லக்கூடியது. மோசடி தெரிந்த பின் முழுச் சம்மதத்துடன் கணவன் மனைவியாக வாழ்ந்திருந்தால் அந்தக் காரணத்தை எழுப்ப முடியாது என்று அதே உட்பிரிவு சொல்கிறது. உறவினர்கள் வற்புறுத்தியதால் போனேன் என்று வாதாடலாம். ஆனால் கையில் இருந்த எளிய வழக்கை விட்டுவிட்டு ஏன் அந்த வாதத்துக்குள் போக வேண்டும்? தாமதத்தை மன்னிக்கக் கோரும் துணை மனுவால் இதைச் சரிசெய்துவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். இந்த நிபந்தனைகள் நிறைவேறாத மனுவை ஏற்கவே கூடாது என்பதாகத்தான் சட்டத்தின் வாசகமே அமைந்திருக்கிறது. கடைசியில் அவர் மனக்கொடுமையைக் காரணமாக வைத்து மணமுறிவு கேட்டார்; அது பல ஆண்டுகள் இழுத்தது. மணமே செல்லாது என்ற ஆணையோடு வெளியே வந்திருக்க வேண்டியவர், மணமுறிவு பெற்றவராக வெளியே வந்தார்.

ஏப்ரலில் செய்திருக்க வேண்டியது இதுதான். பிரிவு 12 மனுவுக்குப் பிரிவு 14இன் தடை கிடையாது, ஆகவே மே மாதமே தாக்கல் செய்திருக்கலாம். சமரசம் பேசுவதானால், மனு கோப்பில் ஏறிய பிறகு, ஒரே வீட்டில் குடியேறாமல், சமரச மையத்தில் உட்கார்ந்து பேசியிருக்கலாம். மனுவில் மோசடி என்ற சொல்லை மட்டும் எழுதினால் போதாது. எது மறைக்கப்பட்டது, யார் எப்போது பொய் சொன்னார், உண்மை எந்தத் தேதியில் எப்படித் தெரிந்தது, அன்று முதல் தனித்து வாழ்கிறாரா என்ற விவரங்களைப் பத்திவாரியாகச் சொல்ல வேண்டும். "அண்மையில் தெரியவந்தது" என்று எழுதிய மனுவைக் கண்டால் நான் இன்றும் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்புகிறேன், ஏனென்றால் அந்தத் தேதி இல்லாமல் ஓராண்டை யாரும் கணக்கிட முடியாது.

எல்லாக் காரணங்களுக்கும் இந்த ஓராண்டு பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இயலாமைக்கும் மனநிலைக்கும் இப்படி ஒரு வரம்பு இல்லை. காரணமற்ற தாமதம் கூடாது என்ற பிரிவு 23இன் பொது விதி மட்டும் உண்டு. வேறொருவரால் கருவுற்றிருந்தாள் என்ற காரணத்துக்கோ ஓராண்டு திருமண நாளிலிருந்தே எண்ணப்படுகிறது, தெரிந்த நாளிலிருந்து அல்ல.

மறுப்பை இயலாமை என்று எழுதுவது

விரும்பாமல் விலகியிருப்பது வேறு, இயலாமல் இருப்பது வேறு. முன்னது மணமுறிவுக்கான கொடுமையாகலாம், பிரிவு 12 ஆகாது.

இல்லாத திருமணத்துக்கு ஆணை எதற்கு என்று விட்டுவிடுவது

ஏட்டளவில் இது சரிதான். செல்லாத திருமணம் செல்லாமல் இருக்க எந்த நீதிமன்றத்தின் உதவியும் தேவையில்லை. ஆனால் ஓய்வூதியமோ வாரிசுரிமையோ மறுமணமோ வரும்போது ஒவ்வோர் அலுவலகமும் ஒரு தாளைக் கேட்கும், அப்போது மற்றவர் உயிரோடு இல்லாமலும் போகலாம். பிரிவு 11 மனுவைத் திருமணத்தின் ஒரு தரப்பு மறு தரப்புக்கு எதிராகத்தான் போட முடியும். இதனால் கணவனின் இரண்டாவது திருமணத்தை எதிர்க்கும் முதல் மனைவிக்கும் பிரிவு 11 உதவாது. அவர் அந்தத் திருமணம் செல்லாது என்று விளம்புகை கேட்டுத் தனி வழக்காகத்தான் போக வேண்டும். குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், 1984இன் பிரிவு 7 அதற்கு இடம் தருகிறது.

இதோடு ஒட்டிய இன்னொரு மயக்கம் உண்டு. முதல் மனைவியிடமிருந்து பிறகு மணமுறிவு பெற்றுவிட்டால் இரண்டாம் திருமணம் சீராகிவிடும் என்று கட்சிக்காரர்கள் மட்டுமல்லாமல் சில ஜூனியர்களும் நம்புகிறார்கள். சீராகாது, இரண்டாவது மணம் நடந்த நாளில் முதல் மணம் உயிரோடு இருந்ததா என்பது மட்டுமே கேள்வி.

வயது குறைவைப் பிரிவு 11இல் தேடுவது

அங்கே அது இல்லை. 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், பிரிவு 3ஐப் பாருங்கள். மணநாளில் குழந்தையாக இருந்தவர், உரிய வயதை எட்டிய இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும்.

பிள்ளைகளுக்கும் ஜீவனாம்சத்துக்கும் கதவு மூடிவிட்டதாகச் சொல்வது

திருமணம் செல்லாது என்றானால் எல்லாமே போய்விடும் என்ற அச்சத்தால், தெளிவான பிரிவு 11 வழக்கையும் பலர் மணமுறிவு மனுவாக மாற்றி எழுதுகிறார்கள். அச்சத்துக்கு அடிப்படை இல்லை. அத்தகைய திருமணத்தில் பிறந்த பிள்ளைகள் பிரிவு 16இன்படி முறையான பிள்ளைகளே. பெற்றோரின் சொத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டு. கூட்டுக் குடும்பச் சொத்தில் பெற்றோருக்குக் கற்பிதப் பாகப்பிரிவினையில் வரக்கூடிய பங்கும் அதில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் ரேவணசித்தப்பா வழக்கில் தெளிவுபடுத்தியது. மற்ற பங்காளிகளின் பங்கில் அவர்கள் கை வைக்க முடியாது என்பது மட்டும் எல்லை. வாழ்க்கைத் துணைக்கு ஜீவனாம்சம் கிடைக்குமா என்பதில் நீண்ட காலம் தீர்ப்புகள் இரண்டாகப் பிரிந்திருந்தன. 2025 பிப்ரவரியில் சுக்தேவ் சிங் வழக்கில், செல்லாது என்று அறிவிக்கப்பட்ட திருமணத்திலும் பிரிவு 25இன் கீழ் நிரந்தர ஜீவனாம்சம் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. தருவதா, எவ்வளவு என்பவை தரப்பினரின் நடத்தையைப் பொறுத்து நீதிமன்றத்தின் விருப்புரிமையில் இருக்கின்றன. ஆகவே அந்தக் கோரிக்கையை மனுவிலேயே, ஏமாற்றப்பட்டவர் யார் என்பதைக் காட்டும் விவரங்களோடு சேர்த்து எழுதிவிடுங்கள்.