அப்பீலா, ஜூடிஷியல் ரிவியூவா? கனடாவில் ஸ்பொன்சர் மறுக்கப்பட்டால் போக வேண்டிய வழி

மனைவியையோ கணவனையோ ஸ்பொன்சர் செய்து மறுப்புக் கடிதம் வந்தால், வீட்டில் முதலில் எழும் பேச்சு "அப்பீல் போடுவோம்" என்பதுதான். ஆனால் எல்லா மறுப்புக்கும் அப்பீல் கிடையாது. அப்பீல் இல்லாத இடத்தில் இருப்பது ஜூடிஷியல் ரிவியூ என்ற வேறொரு வழி. தமிழில் இதை நீதிமுறை மீளாய்வு என்பார்கள். இரண்டுக்கும் போகும் இடம் வேறு, கேட்கப்படும் கேள்வி வேறு, நாட்கணக்கும் வேறு: முதலாவதற்கு 30 நாள், இரண்டாவதற்குப் பல நேரங்களில் 15 நாள் மட்டும். 30 நாள் இருக்கிறது என்று நம்பி இருபதாம் நாள் லோயரிடம் போகிறவர், தன் காலக்கெடு ஐந்து நாளுக்கு முன்பே முடிந்துவிட்டதை அங்கேதான் அறிகிறார்.

வித்தியாசம் புரிய, பரீட்சை விடைத்தாளை நினைத்துக்கொள்ளுங்கள். கணிதப் பாடத்தில் உங்களுக்கு 32 புள்ளி போட்டு, சித்தி இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

அப்பீல் என்பது அந்த விடைத்தாளை இன்னொரு திருத்துநரிடம் கொடுப்பது. அவர் முதல் திருத்துநரின் சிவப்பு மையைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. தானே வாசிப்பார், தானே புள்ளி போடுவார். 55 என்று அவருக்குப் பட்டால் 55தான், நீங்கள் சித்தி.

ஜூடிஷியல் ரிவியூவில் விடைத்தாள் ஒரு மேற்பார்வையாளரிடம் போகிறது. அவர் புள்ளி போட மாட்டார். முதல் திருத்துநர் எல்லாப் பக்கமும் வாசித்தாரா, புள்ளித்திட்டத்தைப் பின்பற்றினாரா, 32க்கு அவர் எழுதிய காரணம் விடைத்தாளோடு பொருந்துகிறதா என்று மட்டும் பார்ப்பார். "நான் திருத்தியிருந்தால் 50 போட்டிருப்பேன்" என்று அவருக்குத் தோன்றினாலும், அதற்காக 32ஐ மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை. ஆனால் ஏழாம் பக்கத்தை ஒருவரும் வாசிக்கவில்லை என்று தெரிந்தால், அந்த 32ஐ ரத்துச் செய்து, தாளை வேறொரு திருத்துநரிடம் அனுப்புவார். அவர் 60ம் போடலாம், மறுபடி 32ம் போடலாம்.

இனி, பெயரில்லாத ஒரு உதாரணத் தம்பதி. கணவர் ஸ்காபரோவில் நிரந்தர வதிவாளர். மனைவி யாழ்ப்பாணத்தில். ஊரில் சிறிய அளவில் கல்யாணம் நடந்தது, பந்தியில் நாற்பது பேர், படங்கள் குறைவு. நேர்முகத்தில் கணவரின் வேலை நேரத்தை மனைவி தவறாகச் சொல்லிவிட்டார். பதினான்கு மாதம் கணவர் அனுப்பிய பணத்தின் ரசீதுகள் கோப்பில் இருக்கின்றன, ஆனால் மறுப்புக் கடிதத்தில் அவற்றைப் பற்றி ஒரு சொல் இல்லை. "இது உண்மையான திருமணம் என்று எனக்குத் திருப்தி இல்லை" என்று அதிகாரி முடித்திருக்கிறார்.

மனைவி குடும்ப வகுப்பில் விண்ணப்பித்தவர் என்பதால் இங்கே அப்பீல் உண்டு. அது போகும் இடம் குடிவரவு, அகதிகள் சபையின் கீழ் இயங்கும் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவு, சுருக்கமாக ஐ.ஏ.டி. அப்பீல் செய்யும் உரிமை மனைவிக்கு இல்லை, ஸ்பொன்சர் செய்த கணவருக்கே. காரணங்களோடு கூடிய மறுப்புக் கடிதம் அவர் கைக்கு வந்ததிலிருந்து 30 நாளுக்குள், அந்தக் கடிதத்தின் பிரதியோடு அப்பீல் அறிவித்தலைக் கொடுக்க வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. அறிவித்தலைக் கொடுக்கும்போதே எல்லா ஆவணமும் கையில் இருக்க வேண்டும் என்று நினைத்துத் தாமதிக்கிறவர்கள் உண்டு, அது வீண் ஆபத்து. முதலில் அறிவித்தல், ஆவணங்களுக்குப் பிறகு தனித் தவணை வரும்.

ஐ.ஏ.டி.யில் ஒரு விதத்தில் விடைத்தாள் உவமை போதாது. இங்கே புதுத் தாள்களையும் சேர்த்துக் கட்டலாம். மறுப்புக்குப் பிறகு கணவர் ஊருக்குப் போய் வந்த பயணச்சீட்டு, தொலைபேசிப் பதிவுகள், பிறந்த பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் ஏற்கப்படும். கணவர் சாட்சி சொல்வார், மனைவி தொலைவிலிருந்தே தொலைபேசியிலோ காணொளியிலோ சாட்சி சொல்லலாம். முதல் நேர்முகத்தில் வேலை நேரம் ஏன் பிழைத்தது என்று விளக்க இதுவே இடம்: அந்த மாதம் கணவர் இரவு வேலைக்கு மாறியிருந்தார் என்றால், சம்பளச் சீட்டோடு சொல்லுங்கள்.

எதை நிரூபிக்க வேண்டும் என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். விதியில் இரண்டு குழிகள் இருக்கின்றன, ஒன்றில் விழுந்தாலும் விண்ணப்பம் தோற்கும். திருமணம் உண்மையானதல்ல என்பது ஒன்று. குடிவரவு அந்தஸ்தோ சலுகையோ பெறுவதையே முதன்மை நோக்கமாகக் கொண்டு திருமணம் செய்தார்கள் என்பது மற்றது. முதலாவது இன்றைய நிலையைப் பார்க்கிறது, இரண்டாவது கல்யாண நாளன்று மனதில் இருந்ததைப் பார்க்கிறது. ஆகவே மறுப்புக்குப் பின் சேர்த்த படங்களை மட்டும் அடுக்கினால் பாதி வேலைதான் ஆகும். பேச்சு எப்படித் தொடங்கியது, யார் பொருத்தம் பார்த்தது, கல்யாணத்துக்கு முன் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதற்கும் ஆதாரம் வேண்டும். பொருத்தம் பார்த்த மாமாவின் கடிதம் இங்கே நாற்பது படங்களை விடப் பெறுமதியானது.

இன்னொன்று. "பிரிந்திருந்து படும் கஷ்டத்தைப் பார்த்து இரங்குங்கள்" என்ற வாதத்தை ஐ.ஏ.டி. சில வழக்குகளில் கேட்கும். ஆனால் மனைவி சட்டப்படி குடும்ப வகுப்பைச் சேர்ந்தவர் என்று முதலில் முடிவான பிறகுதான் கேட்கும். திருமணமே உண்மையில்லை என்ற மறுப்பில் அந்த முதல் படியே சர்ச்சையில் இருப்பதால், இரக்கத்தை மட்டும் நம்பி வெல்ல முடியாது.

கணவர் வென்றால் ஐ.ஏ.டி.யின் முடிவு விசா அலுவலகத்தைக் கட்டுப்படுத்தும். திருமணம் உண்மையா என்ற கேள்வியை அதே ஆதாரத்தில் மறுபடி கிளற முடியாது. மருத்துவம், பாதுகாப்புச் சரிபார்ப்பு போன்ற மீதிப் படிகள் தொடரும்.

இப்போது அதே தம்பதியில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மனைவி விருந்தினர் விசாவில் கனடா வந்து, கணவரோடு இருந்தபடியே "கனடாவுக்குள் இருக்கும் துணைவர்" வகுப்பில் விண்ணப்பித்தார். அதே படங்கள், அதே ரசீதுகள், அதே மறுப்பு. இவருக்கு ஐ.ஏ.டி. கிடையாது. மறுப்பு வந்ததும் நேராகக் கூட்டாட்சி நீதிமன்றம், அதாவது எல்லோரும் பெடரல் கோர்ட் என்று சொல்லும் இடம். கனடாவுக்குள் எடுத்த முடிவு என்பதால் 15 நாள்தான். வெளிநாட்டு விசா அலுவலகம் எடுத்த முடிவென்றால் 60 நாள். கனடாவில் இருக்கும் துணைவரும் குடும்ப வகுப்பில் விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. விண்ணப்பப் படிவத்தில் எந்த வகுப்பு என்று குறிக்கும் அந்த ஒரு நிமிடத்தில் அப்பீல் உரிமை இருக்கிறதா இல்லையா என்று முடிவாகிவிடுகிறது. எங்கள் கருத்தில், வகுப்பைத் தேர்வு செய்யும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான்.

அதே ஸ்பொன்சர் படிவத்தில் இன்னொரு பெட்டியும் உண்டு: ஸ்பொன்சர் தகுதியற்றவர் என்று கண்டால் விண்ணப்பத்தை மீளப் பெறுவீர்களா, தொடர்வீர்களா என்று கேட்கும். மீளப் பெறுவதைத் தேர்ந்தால் கட்டணத்தில் பெரும்பகுதி திரும்பும், அப்பீல் உரிமை போய்விடும்.

ஜூடிஷியல் ரிவியூவுக்குப் பதிவுக் கட்டணம் 50 டாலர். முதல் தடை, நீதிமன்றத்தின் அனுமதி பெறுவது. ஒரு நீதிபதி எழுத்து வாதங்களை மட்டும் வாசித்து, கேட்கத் தகுந்த வழக்கா என்று முடிவு செய்வார். யாரும் நேரில் போவதில்லை. அனுமதி மறுக்கப்பட்டால் அதற்கு அப்பீல் இல்லை. அனுமதி கிடைத்தால் 30 முதல் 90 நாளுக்குள் விசாரணைக்கு நாள் குறிப்பார்கள்.

நீதிபதி பார்ப்பது பெரும்பாலும் அதிகாரியின் மேசையில் அன்று இருந்த கோப்பையே. பிறகு பிறந்த பிள்ளையின் சான்றிதழை இங்கே காட்டினால் எடுபடாது. அந்தத் தாள் அன்று அங்கே இல்லை, இல்லாததை வாசிக்கவில்லை என்று அதிகாரியைக் குறை சொல்ல முடியாது. நடைமுறை நியாயம் மீறப்பட்டதைக் காட்டும் சத்தியக்கடதாசி போன்ற சிலவற்றுக்கே விலக்கு.

எனவே வாதத்தின் வடிவமே மாறுகிறது. "எங்கள் திருமணம் உண்மையானது" என்பது ஐ.ஏ.டி.க்கு உரிய வாக்கியம். பெடரல் கோர்ட்டுக்கு உரியது இது: "பதினான்கு மாத ரசீது கோப்பில் இருந்தது. பொருளாதாரத் தொடர்பு எதுவும் இல்லை என்று எழுதிய அதிகாரி அதை ஏன் ஒதுக்கினார் என்று காரணம் காட்டவில்லை." 2019இல் கனடா உச்ச நீதிமன்றம் வாவிலோவ் வழக்கில் வகுத்த அளவுகோல் இதுவே: முடிவுக்குக் கொடுத்த காரணங்கள் தமக்குள் தர்க்கமாக இருக்கின்றனவா, கோப்பில் உள்ள உண்மைகளோடும் சட்டத்தோடும் ஒத்துப்போகின்றனவா. இன்னொரு வகை வாதம் நடைமுறை பற்றியது. யாரோ அனுப்பிய மொட்டைக் கடிதத்தை நம்பி மறுத்துவிட்டு, அதைப் பற்றி உங்களிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை என்றால் அது பலமான வாதம்.

வழமையாக நடக்கும் தவறு ஒன்று இருக்கிறது. மறுப்புக் கடிதம் அரைப்பக்கம்தான் இருக்கும். அதிகாரியின் உள்குறிப்புகளைத் தகவல் பெறும் சட்டத்தில் கேட்டு, வந்த பிறகு முடிவெடுக்கலாம் என்று காத்திருப்பார்கள். அந்தக் குறிப்புகளுக்குச் சட்டம் கொடுக்கும் தவணையே 30 நாள், உங்கள் கையில் இருப்பது 15. காத்திருக்கத் தேவையில்லை: எழுத்தில் காரணம் கிடைக்கவில்லை என்று குறிப்பிட்டு மனுவைப் பதிந்தால், அந்தக் காரணங்களை அனுப்பும்படி நீதிமன்றமே அலுவலகத்தைக் கேட்கும். தவணை தவறிய பிறகு நீட்டிப்புக் கேட்கலாம், ஆனால் தாமதத்துக்கு விசேட காரணம் காட்ட வேண்டும். தவணை தெரியாமல் இருந்தேன் என்பது அரிதாகவே போதும்.

மனைவி கனடாவில் இருக்கும் வழக்கில் இதையும் கவனியுங்கள். மனுவைப் பதிந்ததால் மட்டும் வெளியேற்றம் நிற்பதில்லை. நாள் குறித்து அழைப்பு வந்தால், தடை கேட்டு நீதிமன்றத்தில் தனி மனு போட வேண்டும்.

அப்பீல் உரிமை இருக்கும்போது அதைத் தாண்டி நேராக பெடரல் கோர்ட் போக முடியாது, சட்டம் தடுக்கிறது. ஐ.ஏ.டி.யில் தோற்ற பிறகு அந்த முடிவை எதிர்த்து 15 நாளுக்குள் ரிவியூ கேட்கலாம். அப்போது மேற்பார்வையாளர் பார்ப்பது விசா அதிகாரியின் தாளை அல்ல, ஐ.ஏ.டி. உறுப்பினர் எழுதிய தீர்ப்பை.

ரிவியூவில் வென்றால் கைக்கு விசா வராது. பழைய முடிவு ரத்தாகி, கோப்பு வேறொரு அதிகாரியிடம் போகும். விசாரணைக்கு முன்பே அரசுத் தரப்பு லோயர் தவறை ஒப்புக்கொண்டு, கோப்பைத் திருப்பி அனுப்ப இணங்குவதும் உண்டு. இரண்டிலும் அடுத்த படி ஒன்றே: நீதிமன்றத்தில் காட்ட முடியாமல் போன பிறப்புச் சான்றிதழும் புதுப் படங்களும் புது ரசீதுகளும் இப்போதுதான் போக வேண்டும். புது அதிகாரி கேட்கும்வரை பொறுக்காமல் நீங்களே அனுப்புங்கள். பழைய தாளையே அவர் வாசித்தால் பழைய புள்ளியே வரக்கூடும்.