கிரானில் 15 நிமிடம் என்று எழுதிவிட்டால் தாமதம் 15 நிமிடம் ஆகிவிடாது: எஸ்3 நகலெடுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மும்பை ரீஜனில் (`ap-south-1`) ஒரு பக்கெட் இருக்கிறது, அதன் நகல் ஹைதராபாத்தில் (`ap-south-2`) எப்போதும் இருக்க வேண்டும், மும்பை விழுந்தால் அங்கிருந்து எழுந்துகொள்ளலாம். அமேசான் எஸ்3-இல் இதற்கு இரண்டு வழி. ஒன்று, பக்கெட்டிலேயே ரெப்ளிகேஷன் விதி வைப்பது. இன்னொன்று, ஏதாவது ஒரு சர்வரில் கிரான் போட்டு `aws s3 sync` ஓடவிடுவது. இரண்டுமே வேலை செய்யும், ஆனால் இரண்டிலும் நகல் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதை ஆட்கள் தப்பாகவே கணக்குப் போடுகிறார்கள், நானும் போட்டிருக்கிறேன்.

முதல் தவறு, கிரான் இடைவெளியையே தாமதம் என்று நினைப்பது. "15 நிமிடத்துக்கு ஒரு முறை சிங்க் ஓடுது, அதனால அதிகபட்சம் 15 நிமிட டேட்டாதான் போகும்" என்று மீட்டிங்கில் சொல்லுவோம், எல்லாரும் தலையாட்டுவார்கள். சிங்க் என்ன செய்கிறது என்று பாருங்கள். எது புதுசு என்று எஸ்3 அதனிடம் சொல்வதில்லை. அதுவே இரண்டு பக்கெட்டையும் முழுசாகப் பட்டியல் போட்டு ஒப்பிட்டுப் பார்க்கிறது. பட்டியல் அழைப்பு ஒன்றுக்கு 1000 பெயர்கள்தான் வரும். பக்கெட்டில் 1 கோடி ஆப்ஜெக்ட் இருந்தால் ஒரு பக்கத்துக்கு 10,000 அழைப்பு, அதுவும் ஒன்றன்பின் ஒன்றாக. ஓர் அழைப்புக்குக் கால் நொடி என்று வைத்தால்கூட 2500 நொடி, அதாவது 42 நிமிடம் ஆகிறது. மறுபக்கப் பட்டியலும், நடுவில் நகலெடுக்கும் நேரமும் இதில் சேரவில்லை.

15 நிமிட கிரான், 42 நிமிட ஓட்டம். முந்தைய ஓட்டம் முடியாமல் அடுத்தது தொடங்காதபடி பூட்டும் `flock`-ஐப் போடாமல் விட்டால் ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று சிங்க் ஓடிக்கொண்டிருக்கும், சர்வர் திணறும், அப்போதுதான் யாராவது கவனிப்பார்கள். `flock -n` போட்டிருந்தால் ஓட்டம் 0, 45, 90 என்று தொடங்கும். பட்டியல் ஒரு பெயரைக் கடந்துபோன அடுத்த நொடியில் அந்தப் பெயரில் ஒரு கோப்பு வந்து விழுந்தால், அடுத்த ஓட்டம் அதே இடத்துக்கு வந்து சேரும்வரை அது காத்திருக்க வேண்டும். ஆக மோசமான தாமதம் 45 நிமிடம், அதற்கு மேல் அந்தக் கோப்பை நகலெடுக்கும் நேரம். மீட்டிங்கில் சொன்னதைப் போல மூன்று மடங்கு. போதாததற்கு, பட்டியல் அழைப்பு 1000-க்கு 0.005 டாலர், இரண்டு பக்கமும் சேர்த்து ஓர் ஓட்டத்துக்கு 10 சென்ட். ஒரு கோப்புகூட மாறாத நாளிலும் 32 ஓட்டத்துக்கு 3 டாலருக்கு மேல் போகும்.

இது தெரிந்ததும் பலர் அன்றைய தேதி ஃபோல்டரை மட்டும் சிங்க் செய்ய மாற்றுவார்கள். நல்ல வழிதான், பழைய தேதியில் யாரும் எதையும் திருத்த மாட்டார்கள் என்று உறுதியாகத் தெரிந்தால்.

இரண்டாவதுதான் எனக்கு மிகவும் பிடித்த தவறு. பிடித்தது என்றால், என்னை ஒரு வாரம் தூங்கவிடாமல் செய்தது. அப்போது வேலை பார்த்த இடத்தில், தினமும் இரவு ஒரு டிஸ்க் இமேஜை `db.img` என்ற ஒரே பெயரில் மும்பை பக்கெட்டில் ஏற்றுவோம். அளவு எப்போதும் 40 ஜிபி, ஒரு பைட் கூடாது, குறையாது. இரவு 1:40-க்கு ஏற்றத் தொடங்கினால் 2:25-க்கு முடியும். சிங்க் கிரான் 2:00 மணிக்கு. "ஏற்றி முடிவதற்குள் சிங்க் ஓடினால் நேற்றைய கோப்பு போகும், ஒரு நாள் பின்தங்கும், பரவாயில்லை" என்றுதான் நினைத்திருந்தோம். ஒரு நாள் மீட்புப் பயிற்சிக்காக ஹைதராபாத் கோப்பைத் திறந்தால், அது அதற்கும் முந்தைய நாளுடையது. மறுநாள் பார்த்தால் சரியாக நேற்றையது. அதற்கடுத்த நாள் மறுபடி பழசு. சிங்க் ஒவ்வொரு நாளும் பிழையே இல்லாமல் முடிந்திருந்தது.

எஸ்3-க்கு எஸ்3 போகும்போது, இரண்டு பக்கமும் இருக்கும் ஓர் ஆப்ஜெக்டைச் சிங்க் நகலெடுக்க இரண்டு காரணங்கள்தான்: அளவு வேறாக இருக்க வேண்டும், அல்லது மூலத்தின் `LastModified` நகலின் `LastModified`-ஐவிடப் புதிதாக இருக்க வேண்டும். உள்ளடக்கத்தை அது ஒப்பிடுவதில்லை. நகலின் `LastModified` என்பது நகலெடுத்த நேரம். மூலத்தின் `LastModified`-இல்தான் சூட்சுமம் இருக்கிறது: பெரிய கோப்புகள் துண்டு துண்டாக மல்டிபார்ட் முறையில் ஏறும், அப்படி ஏறிய ஆப்ஜெக்டுக்கு எஸ்3 குறிப்பது ஏற்றி முடித்த நேரத்தை அல்ல, தொடங்கிய நேரத்தை.

இப்போது கணக்குப் போடுங்கள். செவ்வாய் 2:00 மணிக்குச் சிங்க், திங்களன்று ஏறிய கோப்பை எடுத்துப்போகிறது. நகலின் நேரம் செவ்வாய் 2:00. செவ்வாய்க் கோப்பு 2:25-க்கு முடிகிறது, ஆனால் அதன் நேரம் செவ்வாய் 1:40. புதன் 2:00-க்குச் சிங்க் பார்க்கிறது: அளவு ஒன்று, நகல் 2:00, மூலம் 1:40, நகல்தான் புதுசு, விட்டுவிடு. செவ்வாய்க் கோப்பு ஹைதராபாத்துக்குப் போகவே இல்லை. வியாழன் 2:00-க்குப் புதன் கோப்பின் நேரம் புதன் 1:40, நகல் இன்னும் செவ்வாய் 2:00, அதனால் போகிறது. வெள்ளி மறுபடி விட்டுவிடும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், அவ்வளவு ஒழுங்காக.

`--exact-timestamps` போட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். அது எஸ்3-இலிருந்து உள்ளூர் டிஸ்க்குக்கு இறக்கும்போது மட்டும் வேலை செய்யும், இங்கே பயன் இல்லை. மருந்து மிக எளிது: ஒரே பெயரின் மேல் எழுதாதீர்கள், பெயரில் தேதியைச் சேருங்கள். பெயரை மாற்றவே முடியாது என்றால், ஏற்றும் நேரம் முழுக்க முடிந்த பிறகு சிங்க் ஓடட்டும். கூடவே கோப்பின் sha256-ஐ மெட்டாடேட்டாவாக வைத்து ஏற்றினால், இரண்டு பக்கமும் `head-object` போட்டு ஒப்பிடலாம். `ETag`-ஐ நம்ப வேண்டாம், துண்டின் அளவு மாறினால் அதே கோப்புக்கு வேறு `ETag` வரும்.

விதி வைத்தால் இந்தத் தொல்லை வராது, ஏனென்றால் அது நேரத்தை ஒப்பிடுவதில்லை, ஒவ்வொரு வெர்ஷனையும் தனியாக அனுப்புகிறது. அதனால்தான் இரண்டு பக்கெட்டிலும் வெர்ஷனிங் கட்டாயம். ஆனால் விதிக்கு மாறியவர்கள் செய்யும் தவறு வேறு: "எல்லாம் சில நொடியில் போயிடும்" என்று நினைத்து அதன்மேல் ஆப்பை எழுதிவிடுவது. பெரும்பாலானவை சீக்கிரமே போகின்றன, 15 நிமிடத்துக்குள் என்று அமேசானே சொல்கிறது. ஆனால் சில ஆப்ஜெக்ட்டுகளுக்குச் சில மணி நேரம்கூட ஆகலாம் என்பதும் அதே ஆவணத்தில்தான் இருக்கிறது.

அதைவிட முக்கியம், வரிசை. 40 ஜிபி கோப்பை ஏற்றிவிட்டு, அதன் பெயரைச் சொல்லும் `latest.json`-ஐ ஏற்றினால், மும்பையில் வரிசை சரி. ஹைதராபாத்தில் இரண்டு கேபி ஜேசன் முதலில் போய்ச் சேரும், படிக்கிற ஆப் அது சொல்லும் பெயரைத் தேடினால் `NoSuchKey`. பிழை வந்தால்கூட நல்லது. ஒரே பெயரின் மேல் எழுதுபவராக இருந்தால் பிழையே வராமல் பழைய வெர்ஷன் கிடைக்கும், யாருக்கும் தெரியாது. எனவே பெரியது போய்ச் சேர்ந்ததா என்று மூலத்தில் கேட்டுவிட்டு ஜேசனை ஏற்றுங்கள்:

```
aws s3api head-object --bucket demo-mum \
  --key db/2025-06-03.img --query ReplicationStatus
```

`PENDING` என்றால் காத்திருங்கள், `COMPLETED` என்றால் ஏற்றுங்கள். நகலுக்கும் மூலத்தின் அதே வெர்ஷன் ஐடிதான் இருக்கும், அதனால் ஜேசனில் வெர்ஷன் ஐடியையும் எழுதிவிட்டால் படிக்கிற பக்கம் பழசை எடுக்க வாய்ப்பே இல்லை. சிங்க்கில் இது நடக்காது, அங்கே நகலுக்குப் புது ஐடி.

15 நிமிடம் என்பதை வாக்குறுதியாகவே வேண்டும் என்றால் ரெப்ளிகேஷன் டைம் கன்ட்ரோல் இருக்கிறது: 99.9 சதவீத ஆப்ஜெக்ட்டுகள் 15 நிமிடத்துக்குள், ஜிபிக்கு 0.015 டாலர் கூடுதல். நம் 40 ஜிபிக்கு இரவுக்கு 60 சென்ட். ஆனால் இரண்டு ரீஜன்களுக்கு இடையே விநாடிக்கு 1 ஜிகாபிட் என்ற இயல்பு வரம்பு ஒன்று உண்டு, அதைத் தாண்டும் நேரத்துக்கு வாக்குறுதி பொருந்தாது. 40 ஜிபி அந்த வேகத்தில் ஐந்தரை நிமிடத்துக்குள் போய்விடும். 200 ஜிபியை ஒரே மூச்சில் கொட்டினால் 27 நிமிடம் ஆகும். வரம்பை உயர்த்தக் கேட்டு வாங்கலாம், முன்கூட்டியே.

கடைசித் தவறு, தாமத மீட்டர் சுழியம் காட்டினால் எல்லாம் நலம் என்று இருந்துவிடுவது. `ReplicationLatency` என்பது விதி கையில் எடுத்த ஆப்ஜெக்ட்டுகளுக்கு மட்டும். விதி வைப்பதற்கு முன்பே இருந்தவற்றை அது தொடாது, அவற்றுக்கு பேட்ச் ரெப்ளிகேஷனைத் தனியாக ஓட்ட வேண்டும். கேஎம்எஸ் சாவியால் பூட்டிய ஆப்ஜெக்ட்டுகளை, `SseKmsEncryptedObjects` என்பதை இயக்கி ஹைதராபாத் சாவியையும் கொடுத்தாலொழிய, விதி கண்டுகொள்ளவே செய்யாது. இவற்றுக்கு `FAILED` என்றுகூட வராது, `ReplicationStatus` காலியாக இருக்கும், மீட்டரில் சுழியம், மறுபக்கம் வெறும் பக்கெட். அனுமதி குறைவால் `FAILED` ஆனவையும் நீங்கள் அனுமதியைச் சரிசெய்ததும் தானாகத் திரும்பப் போகாது, அவற்றையும் பேட்ச்சில்தான் தள்ள வேண்டும். `OperationsFailedReplication`-க்கு ஓர் அலாரம் வையுங்கள், சுழியத்துக்கு மேல் போனாலே அடிக்கட்டும்.

அழிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. விதியில் டிலீட் மார்க்கர் போக வேண்டுமா என்பதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம், வெர்ஷன் ஐடியைக் குறிப்பிட்டு அழித்தால் அது ஒருபோதும் மறுபக்கம் போகாது, அது நல்லதற்குத்தான். சிங்க்கில் `--delete` போட்டவர்கள் மூலத்தின் பாதையைத் தப்பாகத் தட்டினால், அந்தக் காலிப் பாதையைப் போலவே ஹைதராபாத்தும் காலியாகும். அங்கே வெர்ஷனிங் இருந்தால் பிழைத்தீர்கள்.

உண்மையான தாமதத்தை அளக்க நான் செய்வது: ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை இப்போதைய நேரத்தை எழுதிய ஒரு குட்டிக் கோப்பை மும்பையில் வைத்து, அது எத்தனை நிமிடம் பழசு என்று ஹைதராபாத் பக்கமிருந்து பார்ப்பது. விதி, சிங்க் இரண்டுக்கும் இது ஒத்துவரும். அந்தக் கோப்பைத் தனி ஃபோல்டரில் வைக்காமல் நிஜ டேட்டா இருக்கும் அதே ஃபோல்டரில், அதே கேஎம்எஸ் சாவியோடு வையுங்கள். முடிந்தால் 40 ஜிபிக்கு இணையான ஒன்றையும் வாரம் ஒரு முறை அதே வழியில் அனுப்பிப் பாருங்கள்.