இரவு கடை அடைக்கும் முன் எண்ண வேண்டிய ஐந்தே ஐந்து: மளிகைக் கடைக்கு ஒரு ஸ்டாக் போஸ்டர்

மதுரை பழங்காநத்தத்தில் எங்கள் மளிகைக் கடை இருக்கிறது. நான், அண்ணன், மதினி, சாமான் எடுத்துக் கொடுக்கும் ஒரு தம்பி, இந்த நாலு பேர்தான். முன்பு மாதக் கடைசியில் ஒரு ஞாயிறு பாதி நாள் கடையை அடைத்து எல்லாவற்றையும் எண்ணுவோம், கணக்கு குறையும், ஆனால் எந்த நாளில் குறைந்தது, எதனால் குறைந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. இப்போது ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு தினமும் பன்னிரண்டு நிமிடம் எண்ணுகிறோம். அதற்காகச் சுவரில் ஒட்டியிருக்கும் போஸ்டரை நீங்களும் எப்படிச் செய்வது என்று சொல்கிறேன்.

முதலில் எதை எண்ணுவது என்று தீர்மானிக்க வேண்டும். கடையில் ஆயிரம் சாமான் இருந்தாலும் தினமும் எண்ண ஐந்துக்கு மேல் வைக்காதீர்கள். பத்து வைத்தால் நாலாவது நாளே யாராவது உத்தேசமாக ஒரு நம்பரை எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். ஒவ்வொரு எண்ணிக்கையும் ஒவ்வொரு விதமான கோளாறைக் காட்டுவதாக இருக்க வேண்டும், தேர்ந்தெடுக்க அது ஒன்றுதான் அளவுகோல். எங்கள் போஸ்டரில் இருப்பது இதுதான்:

1. பால் பாக்கெட் மீதம் (ஃப்ரிட்ஜ், வாசல் ட்ரே)
2. நெய் 100 மில்லி பாட்டில் (கல்லாவுக்குப் பின்னால் இரண்டாவது தட்டு, உள் அறை பெட்டி)
3. துவரம் பருப்பு வாளி எடை (கிலோ, கிராம்)
4. பிரிக்காத அரிசிச் சிப்பம் (25 கிலோ தனி, 26 கிலோ தனி)
5. மூன்று நாளில் தேதி முடியும் பிரெட், பன் பாக்கெட்

பாலும் பிரெட்டும் திருட்டைக் காட்டுவதற்காக வைத்தவை இல்லை, ஆர்டரைத் திருத்துவதற்காக வைத்தவை. தொடர்ந்து மூன்று இரவு ஆறு பாக்கெட் பால் மிஞ்சினால் மறுநாள் ஆர்டரில் குறைக்க வேண்டும், அதனால் ஆர்டர் சொல்வதற்கு முன்பே இந்த எண்ணிக்கை முடிந்திருக்க வேண்டும். ஒழுகும் பாக்கெட்டைத் தூக்கிப் போடாமல் தனியாக வைத்து, அதையும் சேர்த்து எண்ணுங்கள். இல்லாவிட்டால் விற்ற கணக்கில் ஒன்று உதைக்கும்.

அரிசிச் சிப்பத்தில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். 2022 ஜூலையில் 25 கிலோ வரைக்கும் பேக் செய்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு ஜிஎஸ்டி வந்த பிறகு நிறைய ஆலைகள் 26 கிலோ சிப்பத்துக்கு மாறிவிட்டன. கடையில் இரண்டு அளவும் கலந்து கிடக்கும்போது "இருபது சிப்பம், 500 கிலோ" என்று எழுதினால் கணக்கு தப்பாகத்தான் வரும். அதனால் கிலோவாக மாற்றவே வேண்டாம், ஒவ்வொரு அளவையும் தனித்தனியாகச் சிப்பமாகவே எண்ணுங்கள்.

நெய் பாட்டில் மாதிரி சின்னதாகவும் விலை கூடுதலாகவும் இருக்கிற சாமான் ஒன்று கட்டாயம் வேண்டும். உங்கள் கடையில் அது ஏலக்காய் பாக்கெட்டாகவோ பேட்டரியாகவோ இருக்கலாம்.

பருப்பு வாளியை ஏன் நிறுக்கிறோம் என்று கேட்பார்கள். தராசுக்காகவும் பொட்டலம் போடும் கைக்காகவும்தான். 30 கிலோ மூட்டையில் கால் கிலோ பொட்டலம் 120 வர வேண்டும். ஒவ்வொன்றிலும் 5 கிராம் கூடுதலாகப் போனால் 117தான் வரும், 165 கிராம் மிஞ்சும், அவ்வளவுதான். ஒரு பொட்டலத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஆனால் ஒரு நாளில் 24 பொட்டலம் விற்றால் இரவு வாளியில் 120 கிராம் குறையும், தினமும் அதே பக்கமாகவே குறையும். அப்போது ஒரு கிலோ எடைக்கல்லைத் தராசில் வைத்துப் பாருங்கள். தராசு சரியாகக் காட்டினால் பொட்டலம் போடுபவர் ஒரு கை கூட அள்ளிப் போடுகிறார் என்று அர்த்தம், தராசே தப்பாகக் காட்டினால் முத்திரை போடுகிற இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பருப்பைப் புடைத்தால் கொஞ்சம் தூசி போவது இயல்பு, அதனால் 50 கிராம் வரைக்கும் நாங்கள் கண்டுகொள்வதில்லை. காலி வாளியின் எடையை மார்க்கரால் வாளியிலேயே எழுதிவிடுங்கள், கழிப்பது சுலபம்.

சரி, இனி போஸ்டர். ஏ3 அளவு தாள் போதும், கையால் எழுதினாலும் பரவாயில்லை, எழுத்து பெரிதாக இருந்தால் சரி. ஒவ்வொரு வரியிலும் சாமான் பெயர், அது இருக்கிற எல்லா இடமும், எந்த அலகில் எண்ணுவது என்பதும் இருக்க வேண்டும். இடத்தை எழுதாமல் விட்டதுதான் நாங்கள் முதலில் செய்த தப்பு. நான் தட்டில் இருந்ததை மட்டும் எண்ணுவேன், மதினி உள் அறைப் பெட்டியையும் சேர்த்து எண்ணுவார், ஒரு வாரம் முழுக்க நம்பர் மேலும் கீழும் ஆடியது. தாளை லேமினேட் செய்து ஷட்டர் பூட்டு தொங்கும் பக்கத்தில் கண் உயரத்தில் ஒட்டுங்கள். கல்லாவுக்கு மேலே ஒட்டினால் உங்கள் கடையில் என்ன எவ்வளவு இருக்கிறது என்பதை வாடிக்கையாளர் எல்லாரும் படித்துக்கொண்டே நிற்பார்கள்.

நம்பரைப் போஸ்டரில் எழுதி அழிக்காதீர்கள். நேற்றைய எண்ணிக்கை அழிந்துவிட்டால் இதில் பாதிப் பிரயோஜனம் போய்விடும். போஸ்டருக்குக் கீழே கிளிப் போட்டு ஒரு ஏ4 தாள் தொங்கவிடுங்கள், ஒரு வாரத்துக்கு ஒன்று. அதில் ஒவ்வொரு சாமானுக்கும் ஐந்து கட்டம்: வந்தது, விற்றது, எண்ணியது, இருக்க வேண்டியது, வித்தியாசம். கணக்கு இவ்வளவுதான்:

நேற்று இரவு எண்ணியது + இன்று வந்தது − இன்று விற்றது = இருக்க வேண்டியது

எண்ணியது − இருக்க வேண்டியது = வித்தியாசம்

விற்றதை எடுப்பதற்கு பில்லிங் மெஷின் இருந்தால் சாமான்வாரி ரிப்போர்ட் போதும். இல்லாதவர்கள் கல்லா பக்கத்தில் ஒரு சீட்டு வைத்து, எண்ணுகிற சாமானுக்கு மட்டும் விற்க விற்க கோடு போட்டு வாருங்கள், நாலு கோட்டுக்குக் குறுக்கே ஒரு கோடு. அதே சீட்டின் அடியில் மூன்று வரி விட்டு கடன், வீட்டுக்கு எடுத்தது, உடைந்தது என்று எழுதி வையுங்கள். மதினி சமையலுக்கு எடுக்கிற ஒரு நெய் பாட்டில் இதில் ஏறவில்லை என்றால் இரவு அது காணாமல் போன பாட்டிலாகத்தான் தெரியும்.

எண்ணும் விதத்தில் நான் விட்டுக்கொடுக்காத விதி ஒன்று உண்டு. எண்ணுகிறவருக்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்று தெரியக்கூடாது. 26 இருக்க வேண்டும் என்று தெரிந்தால் 25ஐ எண்ணியவரும் பின்னால் ஒன்று மறைந்திருக்கும் என்று நினைத்து 26 எழுதிவிடுவார், அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, மனசு அப்படித்தான் போகும். அதனால் ஒருவர் எண்ணி எழுதட்டும், அதற்குப் பிறகு இன்னொருவர் கணக்குப் போடட்டும். தனி ஆள் கடை என்றால் முதலில் எண்ணி எழுதிவிட்டு அப்புறம் பில் ரிப்போர்ட்டைத் திறங்கள்.

ஒன்று இரண்டு குறைந்தால் ஒரு தடவை மறுபடி எண்ணுங்கள், அப்போதும் அதே நம்பர் வந்தால் அப்படியே எழுதிவிட்டுப் பூட்டிப் போங்கள். இன்று ஒன்று குறைந்து நாளை ஒன்று கூடினால் அது எண்ணிக்கைத் தப்பு. மூன்று இரவு ஒரே பக்கமாகப் போனால்தான் தேட வேண்டும். ராத்திரி பத்தரை மணிக்குக் களைத்துப்போய் நிற்கும்போது யாரிடமும் விசாரணை வைக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் கடையில் நடந்தது அப்படி. ஒரு ஞாயிறு இரவு நெய் பாட்டில் 17 இருந்தது. திங்கள் ஒரு பெட்டி வந்தது, 24 என்று வரவு வைத்தோம், 6 விற்றது. 35 இருக்க வேண்டும், 31தான் இருந்தது. செவ்வாய் 5 விற்று 26 மீதி, சரியாக இருந்தது. புதன் 7 விற்று 19, அதுவும் சரி. வியாழன் மறுபடி ஒரு பெட்டி, 6 விற்பனை, 37க்கு 33. அண்ணன் முகம் மாறிவிட்டது. உள் அறைக்குப் போய் வருவது அந்தத் தம்பி மட்டும்தான், அதற்குப் பிறகு அண்ணன் அவனிடம் சரியாகப் பேசவும் இல்லை.

வெள்ளிக்கிழமை 8 விற்று 25 மீதி, வித்தியாசம் பூஜ்யம். அன்று இரவு நான் தாளை எடுத்து வரிசையாகப் படித்துப் பார்த்தேன். குறைந்த இரண்டு நாளிலும் நாலுதான் குறைந்திருக்கிறது, இரண்டும் சரக்கு வந்த நாள். எடுக்கிறவன் சரக்கு வருகிற நாளாகப் பார்த்து, கணக்காக நாலு மட்டும் எடுப்பானா? பழைய பில்லை எடுத்துப் பார்த்தால் பெட்டிக்கு 20 பாட்டில் என்றே போட்டிருக்கிறது, பணமும் 20க்குத்தான் கொடுத்திருக்கிறோம். பேக்கிங் மாறியதைக் கவனிக்காமல் பழைய பழக்கத்தில் 24 என்று வரவு வைத்தது நான்தான்.

நேற்று எண்ணியதிலிருந்து இன்றைய கணக்கைத் தொடங்கியதால்தான் இது தெரிந்தது. நோட்டில் இருந்த பழைய மீதியையே இழுத்துக்கொண்டு போயிருந்தால் திங்கள் 4, செவ்வாய் 4, புதன் 4, வியாழன் 8, வெள்ளி 8 என்று தினமும் குறைகிற மாதிரி நின்றிருக்கும், எந்த நாளில் விழுந்தது என்று புரிந்திருக்காது. மாதக் கடைசி வரைக்கும் விட்டிருந்தால் வாரத்துக்கு எட்டு வீதம் முப்பதுக்கு மேல் போயிருக்கும், அந்தப் பையன் வேலையை விட்டே போயிருப்பான்.

மறுநாள் காலை அண்ணனே அவனைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார். "விடுங்கண்ணே, பெட்டியைப் பிரிச்சு நானே எண்ணித் தாரேன்" என்றான் அவன். இப்போது வரவு வைப்பது அவன்தான். போஸ்டரின் மேலே சிவப்பு மார்க்கரில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம், நீங்களும் எழுதும்போது அதை முதல் வரியாகவே எழுதிவிடுங்கள்: "பெட்டியைத் திறந்து எண்ணிய பிறகே வரவு."