ரஷ்ய மொழியில் தீர்ப்புச் சுருக்கம்: வாதியும் பிரதிவாதியும் இடம் மாறிப்போகும் இடங்கள்

இந்திய உரிமையியல் தீர்ப்புச் சுருக்கத்தை ரஷ்ய மொழிக்குக் கொண்டுபோகும்போது பெரும்பாலும் பிழை வருவது கடினமான சொல்லில் இல்லை. 'ரெஸ்பாண்டென்ட்' என்ற, எல்லோருக்கும் தெரிந்த சொல்லில்தான். அகராதியைத் திறந்தால் முதலில் கிடைப்பது 'அத்வெத்சிக்'. ரஷ்ய நடைமுறையில் அதன் பொருள் பிரதிவாதி, அதாவது யார் மீது முதலில் வழக்குத் தொடரப்பட்டதோ அவர். நம் மேல்முறையீட்டில் ரெஸ்பாண்டென்ட் என்பது எதிர்மேல்முறையீட்டாளர். அவர் மூல வழக்கின் வாதியாகவும் இருக்கலாம்.

ஒரு மாதிரி வழக்கில் பார்ப்போம். 6 லட்சம் ரூபாய் கடனை வசூலிக்க வாதி வழக்குப் போடுகிறார், விசாரணை நீதிமன்றத்தில் ஜெயிக்கிறார். பிரதிவாதி மேல்முறையீடு செய்கிறார். மாவட்ட நீதிமன்றம் அதை ஏற்று, "செலவுத்தொகையை ரெஸ்பாண்டென்ட் தர வேண்டும்" என்கிறது. இங்கே ரெஸ்பாண்டென்ட் என்பவர் வாதி. 'அத்வெத்சிக்' என்று எழுதினால், செலவுத்தொகை தோற்ற வாதியின் தலையில் விழாமல் ஜெயித்த பிரதிவாதியின் தலையில் விழும். பிறகு வாதி இரண்டாம் மேல்முறையீட்டுக்கு உயர் நீதிமன்றம் போனால், அங்கே ரெஸ்பாண்டென்ட் பிரதிவாதி. ஒரே சுருக்கத்தில் ஒரே சொல் இரண்டு பேரைக் குறிக்கிறது.

ரஷ்ய நீதிமன்றங்கள் மேல்முறையீட்டிலும் மூலப் பெயர்களை விடுவதில்லை. வாதி கடைசிவரை 'இஸ்தெத்ஸ்', பிரதிவாதி கடைசிவரை 'அத்வெத்சிக்'. முறையீடு செய்தவரைத் தனியாகச் சுட்ட வேண்டுமானால் 'பதாதெல் ஷாலபி', முறையீட்டைத் தாக்கல் செய்தவர், என்பார்கள். நீங்களும் அப்படியே எழுதுங்கள். மொழிபெயர்க்கத் தொடங்கும் முன் ஒரு தாளில் இரண்டு தரப்பின் பெயர்களையும் எழுதி, ஒவ்வொரு நீதிமன்றத்திலும் அவர்கள் என்னவாக இருந்தார்கள் என்று குறித்துக்கொண்டால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். தமிழிலிருந்து நேராக மொழிபெயர்ப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். "மேல்முறையீடு செய்தார், ஏற்கப்பட்டது" என்று எழுவாயே இல்லாமல் நாம் எழுதிவிடுவோம். ரஷ்ய வாக்கியத்தில் அந்த ஆளைப் பெயர் சொல்லி நிறுத்தியாக வேண்டும்.

அடுத்த கண்ணி, முடிவைச் சொல்லும் வினை. 'டிஸ்மிஸ்ட்', 'ரிஜெக்டட்', 'ரிட்டர்ன்ட்' மூன்றையும் 'தள்ளுபடி' என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். ரஷ்ய மொழியில் ஒவ்வொன்றும் வேறு விளைவைச் சொல்லும். வழக்கின் தகுதியைப் பார்த்துத் தள்ளியிருந்தால், கோரிக்கையை நிறைவேற்ற மறுத்தது என்று எழுத வேண்டும். முறையீடாக இருந்தால் 'பெஸ் உதவ்லெத்வரேனியா', நிறைவேற்றாமல் விடப்பட்டது. இதற்கு அடுத்த வீட்டுக்காரன்போல் இருக்கும் 'பெஸ் ரஸ்ஸ்மத்ரேனியா' என்பதன் பொருள் விசாரிக்காமலே விடப்பட்டது. தோற்றவர் வழக்கே விசாரிக்கப்படவில்லை என்று வாதாட அந்த ஒரு சொல் போதும்.

மிக மோசமாகக் கெடுவது நம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 7, விதி 11-இல். இந்த விதியின்படி பிராது நிராகரிக்கப்பட்டாலும், அதே காரணத்துக்கு வாதி புதிய பிராது தாக்கல் செய்யத் தடையில்லை என்று விதி 13 சொல்கிறது. 'நிராகரிப்பு' என்ற சொல்லைப் பார்த்ததும் 'அத்காஸ் வ் ப்ரின்யாத்தியி', ஏற்க மறுப்பு, என்று எழுதத் தோன்றும். ரஷ்ய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 134-ஆவது பிரிவில் அந்தச் சொல்லுக்கு நேர் எதிர் விளைவு: அதே வழக்கை மறுபடி கொண்டுவர முடியாது. சொல் பொருந்துகிறது, சட்டம் தலைகீழாகிவிடுகிறது. இங்கே 'பிராது நிராகரிக்கப்பட்டது' என்று விளக்கமாக எழுதி, மறுதாக்கல் தடைபடவில்லை என்று மொழிபெயர்ப்பாளர் குறிப்பு போடுவதுதான் பாதுகாப்பு. விதி 10-இன்படி உரிய நீதிமன்றத்தில் தாக்கல் செய்யத் திருப்பித் தரப்பட்ட பிராதுக்கு மட்டும் 'வஸ்வ்ரஷேனியே', திருப்பித் தருதல், ஓரளவு பொருந்தும்.

நம் 'டிகிரி', அதாவது தீர்ப்பாணை, 'டெக்ரெட்' ஆகிவிடக் கூடாது. ரஷ்ய மொழியில் அது அரசு பிறப்பிக்கும் ஆணை, பேச்சு வழக்கில் மகப்பேறு விடுப்பு. வாதிக்குச் சாதகமாகத் தீர்ப்பாணை வழங்கப்பட்டது என்றால், கோரிக்கை நிறைவேற்றப்பட்டது என்ற பொருளில் 'இஸ்க் உதவ்லெத்வர்யோன்' என்று எழுதினால் போதும். 'அர்பித்ராஷ்னி சூத்' என்பதும் மத்தியஸ்தம் அல்ல, வணிக வழக்குகளைப் பார்க்கும் அரசு நீதிமன்றம். மத்தியஸ்தத் தீர்ப்பாயத்துக்கு 'த்ரெதேய்ஸ்கி சூத்' என்று பெயர்.

முடித்த பிறகு, பணம் பற்றிய வாக்கியத்தை மட்டும் எடுத்துத் திரும்பப் படியுங்கள். 'ஸ் அத்வெத்சிகா வ் போல்ஸு இஸ்த்சா' என்றால் பிரதிவாதியிடமிருந்து வாதிக்கு. 'ஸ்' என்ற ஒற்றை எழுத்துக்குப் பின் வருபவர்தான் பணம் கட்டுகிறவர். அந்தப் பெயரை உங்கள் தாளோடு ஒப்பிடுங்கள். மாதிரி வழக்கில் மாவட்ட நீதிமன்றத்துச் செலவுத்தொகையைப் பொறுத்தவரை அங்கே வாதியின் பெயர் வரவில்லை என்றால், 'ரெஸ்பாண்டென்ட்' மறுபடியும் 'அத்வெத்சிக்' ஆகியிருக்கிறது.