3 மீட்டர் கருங்கல் தடுப்புச் சுவர்: கவிழுமா, நகருமா, அமிழுமா?

கம்பி வைக்காமல் தன் எடையை மட்டுமே நம்பி மண்ணைத் தாங்கி நிற்கும் சுவரைக் கைக்கணக்கிலேயே முழுமையாகச் சோதித்துவிடலாம். மலைச்சாலையோரம் கட்டப்படும் கருங்கல் சுவர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அடிமட்டத்திலிருந்து உச்சிவரை அதன் உயரம் 3 மீட்டர், மேல் அகலம் 0.6 மீட்டர், அடி அகலம் 1.5 மீட்டர். மண்ணைத் தொடும் பின்முகம் செங்குத்தாகவும், வெளியே தெரியும் முன்முகம் சரிவாகவும் இருக்கின்றன. பின்னால் நிரப்பிய மணற்பாங்கான மண் மேலே சமதளமாக முடிகிறது. அந்த மண்ணின் எடை கன மீட்டருக்கு 18 கிலோ நியூட்டன், உள் உராய்வுக் கோணம் 30 பாகை. கருங்கல் கட்டின் எடை கன மீட்டருக்கு 22 கிலோ நியூட்டன். சுவரின் நீளம் எவ்வளவு இருந்தாலும், 1 மீட்டர் நீளத் துண்டுக்கு மட்டும் கணக்குப் போட்டால் போதும்.

படி 1: மண் எவ்வளவு தள்ளுகிறது?

பின்முகம் செங்குத்தாகவும் மேல்மண் சமதளமாகவும் இருப்பதால், வில்லியம் ராங்கின் 1857-இல் வெளியிட்ட மண் அழுத்த முறை இங்கே நேரடியாகப் பொருந்துகிறது. கீழே Ka என்பது மண்ணின் எடையால் வரும் அழுத்தத்தில் எத்தனை பங்கு பக்கவாட்டில் சுவரைத் தள்ளுகிறது என்பதைக் காட்டும் குணகம்; P என்பது மொத்தத் தள்ளுவிசை.

```
Ka = (1 − sin 30°) / (1 + sin 30°) = 1/3
P  = ½ × Ka × 18 × 3² = 27 kN
```

அழுத்தம் மேலே சுழியில் தொடங்கி ஆழத்துக்கு ஏற்ப ஒரே சீராகக் கூடுவதால், அதன் வரைபடம் ஒரு முக்கோணமாக அமைகிறது. ஆகவே மொத்த விசை அடியிலிருந்து உயரத்தின் மூன்றில் ஒரு பங்கில், அதாவது 1 மீட்டர் உயரத்தில், சுவரைத் தள்ளுவதாகக் கொள்கிறோம்.

படி 2: கவிழ்தல்

சுவர் கவிழ்ந்தால் அடிப்பகுதியின் முன்விளிம்பை அச்சாகக் கொண்டு வெளிப்புறமாகச் சாயும். எனவே எல்லாத் திருப்புத்திறன்களையும் அந்த விளிம்பிலிருந்தே அளக்க வேண்டும். குறுக்குவெட்டை ஒரு செவ்வகமாகவும் ஒரு முக்கோணமாகவும் பிரித்துக்கொண்டால் வேலை எளிதாகிறது. பின்பக்கச் செவ்வகத்தின் எடை 0.6 × 3 × 22 = 39.6 கிலோ நியூட்டன். அதன் மையம் முன்விளிம்பிலிருந்து 1.2 மீட்டர் தொலைவில் இருக்கிறது. முன்பக்க முக்கோணத்தின் எடை ½ × 0.9 × 3 × 22 = 29.7 கிலோ நியூட்டன். அதன் மையம் 0.6 மீட்டர் தொலைவில் இருக்கிறது. முக்கோணத்தின் மையத்தை முன்விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கில் வைத்துவிடுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. எடை மிகுந்த பக்கம் உட்புறத்தில் இருப்பதால், மையம் முன்விளிம்பிலிருந்து மூன்றில் இரண்டு பங்கில்தான் விழும்.

```
நிலைநிறுத்துவது = 39.6 × 1.2 + 29.7 × 0.6 = 65.3 kN·m
கவிழ்ப்பது      = 27 × 1 = 27 kN·m
காப்புக் காரணி   = 65.3 / 27 = 2.42
```

வழக்கமாக இங்கே கேட்கப்படும் காப்புக் காரணி 2. சுவர் இந்தச் சோதனையில் தேறிவிடுகிறது.

படி 3: வழுக்கி நகர்தல்

இத்தகைய சுவர்களில் பெரும்பாலும் முதலில் தோற்பது கவிழ்தல் சோதனையன்று; வழுக்கல் சோதனைதான். சுவரை இடம்பெயராமல் பிடித்திருப்பது அடிமண்ணோடு அதற்குள்ள உராய்வு மட்டுமே. உராய்வுக் குணகத்தை 0.5 எனக் கொண்டால், 69.3 கிலோ நியூட்டன் மொத்த எடைக்குக் கிடைக்கும் பிடிப்பு 34.65 கிலோ நியூட்டன்.

```
காப்புக் காரணி = 34.65 / 27 = 1.28
```

தேவையானது 1.5. கவிழ்தலில் தாராளமாகத் தேறிய அதே சுவர் இங்கே தோற்றுவிட்டது. இந்த இடத்தில் பலர் சுவருக்கு முன்னால் இருக்கும் மண்ணின் எதிர்ப்பையும் கூட்டி எண்ணைச் சரிக்கட்டப் பார்ப்பார்கள். நான் அதைச் சேர்ப்பதில்லை. வடிகாலுக்கோ குழாய்க்கோ என்றாவது ஒரு நாள் அந்த மண்ணைத் தோண்டி எடுத்துவிடுவார்கள். அப்போது காகிதத்தில் இருந்த எதிர்ப்பு களத்தில் இருக்காது.

நேரான தீர்வு எடையைக் கூட்டுவதுதான். 27 × 1.5 ÷ 0.5 எனக் கணக்கிட்டால் 81 கிலோ நியூட்டன் எடை வேண்டும். அடி அகலத்தை 1.9 மீட்டராக்கினால் எடை 82.5 கிலோ நியூட்டனாகி, வழுக்கலுக்கான காரணி 1.53 ஆகிறது. கல் செலவைக் குறைக்க, அடிமட்டத்தை உட்பக்கம் சற்றுத் தாழ்வாகச் சாய்த்துக் கட்டும் வழியும் மலைப்பகுதிகளில் உண்டு. அப்படிச் செய்தால் அடிக்குக் கீழேயுள்ள மண்ணுக்குள்ளேயே கிடைமட்டமாக வழுக்கல் நேருமா என்பதையும் தனியே பார்க்க வேண்டும்.

படி 4: அடிமண்ணின் தாங்குதிறன்

அளவு மாறியதால் கவிழ்தலை முதலில் மீண்டும் கணக்கிட வேண்டும். 1.9 மீட்டர் அடிக்கு நிலைநிறுத்தும் திருப்புத்திறன் 100.5, காரணி 3.7. அடுத்து, எடையும் மண்ணின் தள்ளலும் சேர்ந்த கூட்டுவிசை அடிப்பரப்பை எந்த இடத்தில் சந்திக்கிறது என்று காண வேண்டும்.

```
x = (100.5 − 27) / 82.5 = 0.89 m   (முன்விளிம்பிலிருந்து)
e = 1.9/2 − 0.89 = 0.06 m
q = (82.5 / 1.9) × (1 ± 6e/1.9)
```

மையவிலகல் `e` அடி அகலத்தின் ஆறில் ஒரு பங்குக்குள், அதாவது 0.32 மீட்டருக்குள், இருப்பதால் அடிப்பரப்பு முழுவதும் மண்ணை அழுத்திக்கொண்டு நிற்கிறது. முன்விளிம்பில் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 52, பின்விளிம்பில் 35 கிலோ நியூட்டன். மண் பரிசோதனை அறிக்கை 150 வரை அனுமதித்திருந்தால் கவலையில்லை. மையவிலகல் அந்த எல்லையைத் தாண்டினால் பின்விளிம்பில் எதிர்மறை எண் வரும். அதை அப்படியே எழுதிவிட்டு நகரக் கூடாது. மண்ணால் சுவரை இழுத்துப் பிடிக்க முடியாது என்பதால் பின்விளிம்பு மண்ணை விட்டு விலகும், முன்விளிம்பின் அழுத்தம் சூத்திரம் காட்டுவதைவிட உயரும்.

படி 5: மழைக்காலக் கணக்கு

இதுவரை போட்ட கணக்கு முழுவதும் சுவருக்குப் பின்னால் நீர் தேங்கவில்லை என்ற அனுமானத்தில் நிற்கிறது. நீர் வெளியேறும் துளைகள் அடைபட்டு உச்சிவரை நீர் தேங்கினால் என்ன ஆகும்? நீரில் மூழ்கிய மண்ணின் பயனுறு எடை கன மீட்டருக்குச் சுமார் 10 ஆகக் குறைந்து, மண்ணின் தள்ளல் 15 கிலோ நியூட்டனாக இறங்கும். ஆனால் நீரின் அழுத்தத்துக்கு மூன்றில் ஒரு பங்கு என்ற சலுகை கிடையாது.

```
மண் = ½ × 1/3 × 10 × 3² = 15 kN
நீர்  = ½ × 10 × 3²       = 45 kN
வழுக்கல் காரணி = 41.25 / 60 = 0.69
```

அகலப்படுத்திய சுவரும் இந்த நிலையில் நகர்ந்துவிடும். அடிக்குக் கீழிருந்து நீர் மேல்நோக்கித் தரும் உந்தலை இதில் நான் சேர்க்கவே இல்லை. சேர்த்தால் நிலைமை இன்னும் மோசமாகும். நீரையும் தாங்குமாறு சுவரைத் தடிமனாக்குவதைவிட நீரை வெளியேற்றுவதே மலிவானது என்பதால், பின்முகத்தை ஒட்டிச் சரளைக்கல் வடிகட்டி அடுக்கும், வெளிப்புறம் தாழ்ந்த துளைக்குழாய்களும் கட்டும்போதே வைக்கப்படுகின்றன. சரளைக்கும் மண்ணுக்கும் இடையில் வடிதுணி இல்லையென்றால் நுண்மண் சரளைக்குள் புகுந்து சில மழைக்காலங்களில் அதை அடைத்துவிடும். கனமழையின்போது துளைகள் உலர்ந்திருக்க, கல் இணைப்புகளின் வழியே நீர் கசிந்தால் அந்த அடைப்பு ஏற்பட்டுவிட்டது என்று பொருள். அந்தச் சுவருக்கு நான்காம் படிவரை கிடைத்த எண்கள் இனிப் பொருந்தாது.