பதினெட்டு மாதத்தில் வீடு வாங்க வைத்த பணம்: எங்கே தவறுகிறோம்

பெங்களூரில் பேகூர் பக்கம் 80 லட்ச ரூபாயில் கட்டி முடித்த ஃபிளாட் ஒன்றை, இன்றிலிருந்து பதினெட்டு மாதத்தில் வாங்க ஒரு தம்பதி திட்டமிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். கையில் 18 லட்சம் இருக்கிறது. மாதம் 25,000 ரூபாய் மிச்சம் பிடிக்க முடியும். இந்த நிலையில் பெரும்பாலும் முதலில் வரும் கேள்வி, "இதை எதில் போட்டால் நல்லா வளரும்?" என்பதுதான். முதல் தவறு அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. எவ்வளவு வளர வேண்டும் என்று கணக்குப் போடுவதற்கு முன்பே எதில் வளரும் என்று தேடப் போய்விடுகிறோம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில், வீட்டு மதிப்பில் 80 சதவீதம் வரைதான் வங்கி தரலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 80 லட்சத்துக்கு 64 லட்சம் கடன் கிடைத்தால் 16 லட்சம் கைக்காசு. பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் இந்த மதிப்பில் சேர்த்துக் கடன் தர மாட்டார்கள். கர்நாடகத்தில் பதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்ட் இறுதியில் 1 சதவீதத்திலிருந்து 2 சதவீதமானது. முத்திரைத் தீர்வை, செஸ், சர்சார்ஜ் எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 7.6 சதவீதம், அதாவது 6 லட்சத்து 8 ஆயிரம். வக்கீல், வங்கிக் கட்டணம், வீடு மாற்றும் செலவு என்று ஒரு லட்சம் வைத்தால் மொத்தம் 23 லட்சத்து 8 ஆயிரம் வேண்டும்.

இருப்பது 18 லட்சம். பதினெட்டு மாதச் சேமிப்பு நாலரை லட்சம். கூட்டினால் 22 லட்சத்து 50 ஆயிரம். ஆக, இந்தப் பணம் சம்பாதித்துத் தர வேண்டியது வெறும் 58 ஆயிரம் ரூபாய்.

18 லட்சத்தை 6.5 சதவீத ஃபிக்சட் டெபாசிட்டில் போட்டால் பதினெட்டு மாத வட்டி சுமார் 1 லட்சத்து 75 ஆயிரம். 30 சதவீத வரி அடுக்கில் இருப்பவருக்கு செஸ்ஸோடு வரி போக 1 லட்சத்து 20 ஆயிரம் நிற்கும். வட்டி இதைவிட ஒரு சதவீதம் குறைந்தாலும் தேவைக்கு மேலேயே வருகிறது. குறுகிய காலத்தில் வேலையைச் செய்வது சேமிப்புதான். வட்டிக்கு மிஞ்சிய பங்கு சின்னது.

பங்குச் சந்தையில் போட்டால் என்ன ஆகும்? ஆண்டுக்கு 12 சதவீதம் என்று நல்லபடியாகவே எடுத்துக்கொண்டால், வரி போக மூன்று லட்சம் வரை கிடைக்கலாம். டெபாசிட்டை விட 1 லட்சத்து 80 ஆயிரம் கூடுதல். மறுபக்கத்தையும் பாருங்கள். 2020 ஜனவரியில் 12,400-ஐத் தொட்ட நிஃப்டி, மார்ச் 23 அன்று 7,610-ல் முடிந்தது. இரண்டே மாதம். உச்சத்தில் இருந்த 18 லட்சம் சுமார் 11 லட்சமாகிவிடும். "இறங்கினால் ஏறும்வரை காத்திருப்போம்" என்பார்கள். அந்த முறை நவம்பரில் ஏறிவிட்டது உண்மை. 2008 ஜனவரி உச்சத்தை நிஃப்டி மறுபடி தொட்டது 2010 நவம்பரில்தான். வீட்டை விற்பவர் அதுவரை காத்திருக்க மாட்டார். கல்யாண முகூர்த்தமும் அப்படித்தான்.

இதே இடத்தில் எஸ்.ஐ.பி பற்றிய ஒரு நம்பிக்கையையும் சொல்ல வேண்டும். மாதாமாதம் போட்டால் ஏற்ற இறக்கம் சராசரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். வாங்கும் விலைதான் சராசரியாகிறது. பதினேழாவது மாதத்தில் நாலேகால் லட்சமும் ஒன்றாகச் சந்தையில் நிற்கிறது. அந்த மாதம் 15 சதவீதம் விழுந்தால் மொத்தமும்தான் விழும். மாதம் 25,000-க்கு வங்கி ஆர்.டி போதும்.

பத்திர ஃபண்டு என்றாலே பத்திரம் என்று நினைப்பது

பங்கு வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் அடுத்துச் சறுக்குவது கடன் பத்திர மியூச்சுவல் ஃபண்டுகளில். போன வருஷ வருமானத்தை வைத்து வரிசைப்படுத்தி, மேலே இருப்பதை எடுத்துவிடுகிறார்கள். ஒரு கடன் ஃபண்டு மற்றவற்றைவிட அதிகம் தந்திருக்கிறது என்றால் பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று. தரம் குறைந்த நிறுவனங்களுக்குக் கூடுதல் வட்டிக்குக் கடன் கொடுத்திருக்கும். அல்லது நீண்ட காலப் பத்திரங்களை வைத்திருந்து, வட்டி விகிதம் இறங்கியபோது லாபம் பார்த்திருக்கும்.

முதல் வகை எப்படி முடியும் என்பதை 2020 ஏப்ரல் 23 காட்டியது. ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் தன் ஆறு கடன் திட்டங்களை ஒரே நாளில் மூடியது. அதில் 'அல்ட்ரா ஷார்ட்' என்ற பெயருள்ள திட்டமும் இருந்தது. முதலீட்டாளர்களுக்குப் பணம் பின்னால் திரும்பி வந்தது. ஆனால் முதல் தவணையே 2021 பிப்ரவரியில்தான் வந்தது. இடையில் பதிவுத் தேதி வைத்திருந்தவருக்கு, பணம் பின்னால் வந்து பயனில்லை.

இரண்டாவது வகையை அளக்க எளிய வழி உண்டு. ஃபண்டின் மாதாந்தர அறிக்கையில் 'மாடிஃபைட் டியூரேஷன்' என்று ஓர் எண் இருக்கும். அது 7 என்றால், சந்தை வட்டி ஒரு சதவீதம் ஏறும்போது ஃபண்டின் மதிப்பு சுமார் 7 சதவீதம் இறங்கும். பதினெட்டு மாதப் பணத்துக்கு அந்த எண் ஒன்றைத் தாண்டக் கூடாது. கூடவே, ஒவ்வொரு கடன் ஃபண்டும் தன் ஆபத்து வகையை ஒன்பது கட்டமுள்ள ஒரு பட்டியலில் காட்ட வேண்டும் என்பது 2021 டிசம்பர் முதல் செபியின் விதி. வட்டி ஆபத்து, கடன் ஆபத்து இரண்டும் மிகக் குறைந்த கட்டத்துக்கு 'ஏ-ஒன்று' என்று பெயர். அதைத் தாண்டிப் போக இந்தப் பணத்துக்கு எந்தக் காரணமும் இல்லை. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கிய கடன் ஃபண்டுகளின் லாபத்துக்கு டெபாசிட் வட்டி போலவே அடுக்கு விகிதத்தில்தான் வரி. பழைய வரிச் சலுகையை நினைத்துக்கொண்டு இதில் நுழைவதில் அர்த்தமில்லை.

ஒரே வங்கி, ஒரே ரசீது

18 லட்சத்தையும் ஒரே டெபாசிட்டாகப் போடுவது அடுத்த தவறு. எட்டாவது மாதம் ஒரு நல்ல வீடு கண்ணில் படுகிறது, நாலு லட்சம் முன்பணம் வேண்டும் என்று வையுங்கள். முழு ரசீதையும் உடைத்தால், ஒப்புக்கொண்ட 6.5 சதவீதம் கிடைக்காது. எட்டு மாதத்துக்கு உரிய விகிதம் 6 என்றால், அதிலும் ஒரு சதவீதம் அபராதம் கழித்து 5 சதவீதம்தான் வரும். 78 ஆயிரம் வரவேண்டிய இடத்தில் 60 ஆயிரம். நாலு நாலு லட்சமாகப் பிரித்திருந்தால் இந்த இழப்பு ஒரு ரசீதோடு போயிருக்கும்.

பிரிக்க இன்னொரு காரணம், டெபாசிட் காப்பீடு. ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் காப்பு. அதனால் ஐந்து லட்சத்தை நிறைவாகப் போடாமல் நாலு அல்லது நாலரையில் நிறுத்தினால் வட்டிக்கும் இடம் இருக்கும். இது கூட்டுறவு வங்கிகளுக்கும் உண்டு. ஆனால் பெங்களூரில் தெருவுக்குத் தெரு பலகை தொங்கும் சௌஹார்த சககாரி என்ற கூட்டுறவுக் கடன் சங்கங்கள் வங்கிகள் அல்ல. அங்கே போடும் பணத்துக்கு இந்தக் காப்பீடு கிடையாது. ஒன்றரை சதவீதம் கூடுதல் வட்டி என்று தெரிந்தவர் அழைத்துப் போவார். 18 லட்சத்துக்கு அந்தக் கூடுதல், வரிக்குப் பின் பதினெட்டு மாதத்தில் 28 ஆயிரத்தைத் தாண்டாது. அதற்காக முழு அசலையும் காப்பில்லாத இடத்தில் வைப்பதாகும்.

காப்பீடு இருந்தாலும் தேதி ஆபத்து போய்விடாது. 2020 ஜனவரியில் பசவனகுடியைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்ரீ குரு ராகவேந்திர சககார வங்கி மீது ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தபோது, ஒருவர் 35,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியவில்லை. ஒரு வங்கியில் மட்டும் எல்லாப் பணமும் இருந்தவர் அன்று என்ன செய்திருக்க முடியும்?

இந்தத் தம்பதிக்கு எப்படி அடுக்கலாம்

கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். ஒப்பந்தம் போடும்போது 10 சதவீதம், 8 லட்சம், கேட்பார்கள். பில்டரிடம் வாங்கினால், ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் முன் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று ரெரா சட்டமே சொல்கிறது. வீடு தேடுவது பன்னிரண்டாம் மாதம் தொடங்கும் என்றால், இரண்டு வங்கிகளில் நாலு நாலு லட்சம் பன்னிரண்டு மாத டெபாசிட். முதிர்ந்ததும் ஒப்பந்தம் வரை, மூன்று மாதத்துக்குள் முதிரும் பத்திரங்களை மட்டும் வைத்திருக்கும் லிக்விட் ஃபண்டில் இருக்கட்டும். ஏழு நாளுக்குப் பின் அதில் வெளியேறும் கட்டணம் இல்லை. மூன்றாவது வங்கியில் நாலு லட்சம், பதினேழு மாதத்துக்கு.

மீதி 6 லட்சத்தை, 30 சதவீத வரி அடுக்கில் இருந்தால், ஆர்பிட்ராஜ் ஃபண்டில் வைக்கலாம். ரொக்கச் சந்தைக்கும் எதிர்காலச் சந்தைக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் சம்பாதிக்கும் ஃபண்டு இது. வருமானம் நிச்சயமில்லை, சில வாரங்கள் மதிப்பு லேசாக இறங்கவும் செய்யும். வரியில் மட்டும் பங்கு ஃபண்டாகக் கருதப்படுகிறது. பன்னிரண்டு மாதம் தாண்டி விற்றால், பங்கு வகை நீண்டகால லாபத்தில் ஆண்டுக்கு ஒன்றேகால் லட்சம் வரை வரி இல்லை. 6 லட்சம் அறுபதாயிரம் சம்பாதித்தால், வேறு பங்கு லாபம் இல்லாதபோது, முழுதும் கையில். பன்னிரண்டு மாதத்துக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம் வரியாகப் போய்விடும். அதனால் முன்பணத்துக்கு இதைத் தொடக் கூடாது.

டெபாசிட் திறக்கும்போதே ஒரு விஷயத்தைப் பார்த்துவிடுங்கள். முதிர்வில் தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் பல வங்கிகள் முன்கூட்டியே டிக் செய்து வைத்திருக்கும். அதை மாற்றி, சேமிப்புக் கணக்கில் வரவு வைக்கச் சொல்லுங்கள். டி.டி.எஸ் பிடித்துவிட்டார்கள், வரி முடிந்தது என்றும் இருந்துவிடாதீர்கள். பிடிப்பது 10 சதவீதம். மீதியை நீங்கள்தான் கட்ட வேண்டும்.

பதினேழாம் மாத முடிவில் பணம் முழுவதும் சேமிப்புக் கணக்கில் இருக்க வேண்டும். உங்கள் பங்கைக் கட்டிய ரசீதைப் பார்த்த பிறகே வங்கி கடனை விடுவிக்கும். விற்பவரின் கணக்கைப் புதிதாகச் சேர்த்த முதல் நாளில் பெரிய தொகை அனுப்பப் பல வங்கிகள் விடாது. பதிவு நாளுக்கு நாலைந்து நாள் முன்பே சேர்த்து, சின்னத் தொகை ஒன்றை அனுப்பிப் பாருங்கள். 50 லட்சமும் அதற்கு மேலும் உள்ள வீட்டுக்கு, விலையில் 1 சதவீதத்தை வாங்குபவர்தான் பிடித்து வருமான வரிக்குக் கட்ட வேண்டும். விற்பவருக்கு முழுத் தொகையையும் அனுப்பிவிட்டால் அந்த 80 ஆயிரம் உங்கள் தலையில் விழும்.

ஒன்று மட்டும் இந்தக் கணக்கைக் குலைக்கக் கூடும். வங்கியின் மதிப்பீட்டாளர் வீட்டை 76 லட்சம் என்று எழுதினால் கடன் 60 லட்சத்து 80 ஆயிரமாகக் குறைந்து, கைக்காசு 3 லட்சத்து 20 ஆயிரம் கூடும். அந்தப் பள்ளத்தைக் கூடுதல் வருமானத்தால் நிரப்பப் பார்ப்பதுதான் பலரைப் பங்குக்குத் தள்ளுகிறது. வழி வேறு: முன்பணம் கொடுக்கும் முன் வங்கியின் மதிப்பீட்டை வாங்கி, அதைக் காட்டி விலை பேசுங்கள். விற்பவர் இறங்கவில்லை என்றால், மாதம் 25,000 வீதம் இன்னும் பதின்மூன்று மாதம் தள்ளிப்போடுங்கள், அல்லது 72 லட்சத்தில் வேறு வீடு பாருங்கள்.